எஜுகேஷன் லோன் வட்டிக்கு வரிக்கழிவு: அந்த எட்டு வருஷம் எப்ப ஆரம்பிக்குது?

ஒவ்வொரு ஜூலையிலயும் சொந்தக்காரங்க நாலஞ்சு பேருக்கு நான்தான் ஐடி ரிட்டர்ன் போட்டுக் குடுப்பேன். அதுல வருஷா வருஷம் வர்ற ஒரே கேள்வி, "எஜுகேஷன் லோன் கட்டிட்டு இருக்கேனே, அதுல ஏதாச்சும் கழிக்க முடியுமா, எத்தனை வருஷம் கழிக்கலாம்". கழிக்கலாம், எட்டு வருஷம்னு சொல்லிட்டு போயிடலாம்தான், ஆனா அந்த எட்டு வருஷத்தை எங்கேருந்து எண்றதுங்கறதுலதான் முக்காவாசி பேர் தப்பு பண்றாங்க. அதனால அதையே கொஞ்சம் பொறுமையா எழுதறேன்.

முதல்ல அடிப்படை. வருமான வரிச் சட்டத்துல 80E-ன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு. மேல்படிப்புக்கு வாங்கின கடனுக்கு அந்த வருஷம் நீங்க கட்டின வட்டி எவ்வளவோ, அதை உங்க வருமானத்துல இருந்து அப்படியே கழிச்சுட்டு மீதிக்கு வரி போட்டா போதும், இதான் விஷயம். வட்டி மட்டும்தான், அசலுக்கு ஒண்ணும் கிடையாது. 80C-க்கு ஒன்றரை லட்சம்னு ஒரு வரம்பு இருக்கு பாருங்க, அந்த மாதிரி இதுக்கு உச்சவரம்பே இல்ல, வருஷத்துக்கு இருபதாயிரம் கட்டினாலும் முழுசா கழியும், நாலு லட்சம் கட்டினாலும் முழுசா கழியும். ப்ளஸ் டூ முடிச்சதுக்கு அப்புறம் படிக்கற அங்கீகாரம் உள்ள எந்தப் படிப்பா இருந்தாலும் சரி, உள்நாடா வெளிநாடாங்கறது பிரச்சனை இல்ல.

படிக்கறது யாரா இருக்கணும்னா நீங்களே, இல்ல உங்க கணவன் மனைவி, உங்க பிள்ளைங்க, அப்புறம் நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கற ஸ்டூடண்ட். தம்பி தங்கச்சி இந்த லிஸ்ட்ல கிடையாது, எங்க வீட்லயே ஒரு அண்ணன் தம்பிக்காக கடன் வாங்கி ஆறு வருஷமா ஒத்தையா கட்டறார், ஒரு ரூபா கழிக்க முடியல, கேட்டா வயிறு எரியும். கடனும் பேங்க்ல வாங்கினதா இருக்கணும், இல்லாட்டி அரசு இதுக்குன்னு நோட்டிஃபை பண்ணின நிதி நிறுவனம், அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளை, இதுல ஒண்ணா இருக்கணும். மாமாகிட்ட கைமாத்து வாங்கினது, கம்பெனியில அட்வான்ஸ் எடுத்தது எதுவும் செல்லாது. நம்ம ஊர்ல நிறைய பேர் நகையை வச்சுதான் காலேஜ் பீஸ் கட்றாங்க, அந்த நகைக்கடன் பேப்பர்ல படிப்புங்கற வார்த்தையே இருக்காது, அப்புறம் இந்தக் கடன் படிப்புக்குத்தான்னு எதை வச்சு காட்டறது. அதனால அதையும் மறந்துடுங்க.

சரி, இப்ப எட்டு வருஷ கதைக்கு வருவோம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, வட்டி கட்ட ஆரம்பிச்ச வருஷம் ஒண்ணு, அதுக்கு அடுத்து வர்ற ஏழு வருஷம், ஆக மொத்தம் எட்டு. நடுவுல வட்டி முழுக்க கட்டி முடிச்சுட்டா அதோட முடிஞ்சுது. இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை "கட்ட ஆரம்பிச்ச". கடன் சாங்ஷன் ஆன வருஷம் இல்ல, பணம் காலேஜுக்கு போன வருஷம் இல்ல, இஎம்ஐ ஆரம்பிச்ச வருஷமும் இல்ல. வட்டின்னு முதல் ரூபா உங்க கையில இருந்து எந்த நிதியாண்டுல போச்சோ அதான் முதல் வருஷம். உதாரணத்துக்கு 2021-22ல முதல் தடவை வட்டி கட்டினீங்கன்னா 2028-29 வரைக்கும் கட்டற வட்டியை கழிக்கலாம், 2029 ஏப்ரல்ல இருந்து கட்டற வட்டி எவ்வளவு இருந்தாலும் உங்க தலையிலதான்.

இன்னொண்ணு, இது எட்டு தடவைங்கற கணக்கு இல்ல, தொடர்ச்சியா எட்டு வருஷம். நடுவுல ரெண்டு வருஷம் வேலை இல்லாம வரி கட்டற அளவுக்கு வருமானமே இல்லன்னாலும், நியூ ரெஜிம்ல இருந்ததால கழிக்க முடியலன்னாலும், அந்த வருஷங்களும் எட்டுல சேர்ந்து ஓடிடும். விட்டதை பின்னாடி எடுத்துக்கலாம்னு ஒரு வழியும் இல்ல.

இங்கதான் மொரட்டோரியம் குழப்பம் வருது. எஜுகேஷன் லோன்ல படிக்கற காலம் முழுக்க, அதுக்கு மேல ஆறு மாசமோ ஒரு வருஷமோ இஎம்ஐ கட்ட வேண்டாம்னு விடுவாங்க. ஆனா வட்டி சும்மா இருக்காது, அது பாட்டுக்கு ஏறிட்டே இருக்கும், கடைசியில அசலோட சேர்த்துதான் இஎம்ஐ போடுவாங்க. வேணும்னா படிக்கும்போதே அந்த வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டலாம், அப்படி கட்டினா வட்டி விகிதத்துல ஒரு சதவீதம் வரைக்கும் குறைக்கற பேங்க் கூட இருக்கு. ஆனா அப்படி கட்ட ஆரம்பிச்ச உடனே எட்டு வருஷ கடிகாரமும் ஓட ஆரம்பிச்சுடும், பி.இ. மாதிரி நாலு வருஷ படிப்புன்னா வட்டி கம்மியா இருக்கற ஆரம்ப வருஷங்கள்லயே பாதி காலம் கரைஞ்சு போயிடும்.

"அப்ப படிக்கும்போது வட்டி கட்டாதீங்க, இஎம்ஐ ஆரம்பிச்ச அப்புறம் கட்டினா எட்டு வருஷமும் முழுசா கிடைக்கும்"னு நிறைய பேர் யோசனை சொல்றாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் எக்ஸெல்ல போட்டுப் பார்த்தப்பதான் நான் சொன்னது எவ்வளவு அபத்தம்னு புரிஞ்சுது. அந்தக் கணக்கை இங்கயே போட்டுக் காட்டறேன்.

ஒரு அப்பா, பொண்ணு பி.இ. படிக்க 8 லட்சம் கடன், அப்பாவே கடைசி வரைக்கும் கட்டறார்னு வச்சுக்கோங்க. 2021 ஏப்ரல்ல இருந்து வருஷத்துக்கு 2 லட்சம் வீதம் நாலு வருஷம் பணம் வருது, வட்டி 10 சதவீதம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் மொரட்டோரியம், 2026 ஏப்ரல்ல இருந்து பத்து வருஷம் இஎம்ஐ. படிக்கற காலத்துல தனிவட்டிதான், அதனால முதல் வருஷம் 20,000, அடுத்து 40,000, 60,000, 80,000, கடைசி மொரட்டோரியம் வருஷத்துக்கு இன்னொரு 80,000. கூட்டினா 2,80,000.

முதல் வழி, எதுவும் கட்டாம விடறது. 2026 ஏப்ரல்ல கடன் 10,80,000 ஆயிடும், இஎம்ஐ சுமாரா 14,270. கடிகாரம் 2026-27லதான் ஆரம்பிக்கும், 2033-34 வரைக்கும் ஓடும். அந்த எட்டு வருஷத்துல இஎம்ஐக்குள்ள போற வட்டி கிட்டத்தட்ட 6 லட்சம், அத்தனையும் கழிக்கலாம். கடைசி ரெண்டு வருஷம் மட்டும் வெளிய நிக்கும், ஆனா அப்ப இஎம்ஐல வட்டி ரொம்ப கம்மி, ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்தே 33,000 தான். கேக்க நல்லாதான் இருக்கு.

ரெண்டாவது வழி, படிக்கும்போதே வட்டியை கட்டிடறது. இஎம்ஐ ஆரம்பிக்கும்போது கடன் 8 லட்சமாவே நிக்கும், இஎம்ஐ சுமாரா 10,570. ஆனா கடிகாரம் 2021-22லயே ஓட ஆரம்பிச்சாச்சு, 2028-29ல முடிஞ்சுடும். கழிக்க முடியறது அந்த 2,80,000-மும், இஎம்ஐ முதல் மூணு வருஷத்து வட்டி சுமார் 2,17,000-மும், மொத்தம் 4,97,000. இஎம்ஐயோட மிச்ச ஏழு வருஷத்துல கட்டற ரெண்டரை லட்சம் வட்டிக்கு ஒண்ணும் கிடையாது.

ஆக கழிவு மட்டும் பார்த்தா முதல் வழியில ஒரு லட்சம் கூடுதல். அப்பா 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட 20.8 சதவீதம், அந்த ஒரு லட்சத்துக்கு மிச்சமாகற வரி சுமார் 21,000. இப்ப மொத்தமா பேங்குக்கு போன வட்டியை பாருங்க. முதல் வழியில 9,12,000, ரெண்டாவதுல 7,48,000. 1,64,000 ரூபா வித்தியாசம்! 21,000 வரியை மிச்சம் பண்ணப் போய் 1,64,000 வட்டியை கூட கட்டறது. முன்னாடியே கட்டற பணத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குதான், அந்தக் காசை வேற எங்கயாச்சும் போட்டு வச்சிருந்தா ஏதோ கிடைச்சிருக்கும், ஆனா வரிக்கு அப்புறம் 10 சதவீதம் உறுதியா தர்ற இடத்தை நான் இன்னும் பார்க்கல. அதனால கையில காசு இருந்தா படிக்கும்போதே வட்டியை கட்டிடுங்க, எட்டு வருஷம் கரையுதேன்னு கட்டாம இருக்காதீங்க. காசு இல்லன்னா அது வேற விஷயம், அப்ப கடிகாரம் லேட்டா ஆரம்பிக்கறது ஒரு சின்ன ஆறுதல், அவ்வளவுதான்.

முதல் வழியில இன்னொரு பொறியும் இருக்கு. அந்த 2,80,000 வட்டி அசலோட சேர்ந்துடுச்சு இல்லையா, அதுக்கப்புறம் பேங்க் அதை அசல்னுதான் பார்க்கும். இஎம்ஐ வழியா அதை நீங்க திருப்பிக் கட்டும்போது பேங்க் தர்ற சர்டிஃபிகேட்ல அது பொதுவா அசல் பத்தியிலதான் உக்காந்திருக்கும், வட்டி பத்தியில வராது. பிறப்புல வட்டி, ஆனா கழிவு கிடையாது. எதை அசலா எதை வட்டியா காட்டியிருக்காங்கன்னு சர்டிஃபிகேட்டை ஒரு தடவை லோன் ஸ்டேட்மெண்டோட ஒப்பிட்டுப் பாருங்க, தப்பா தெரிஞ்சா பிராஞ்ச்ல கேட்டு திருத்தி வாங்கிக்கலாம். கழிவுன்னு ஃபார்ம்ல போடறது சர்டிஃபிகேட்ல வட்டின்னு இருக்கற தொகையா மட்டும் இருக்கட்டும்.

"கட்டினது" மட்டும்தான் கணக்குங்கறதையும் இங்கயே சொல்லிடறேன். பேங்க் மார்ச் 31க்கு வட்டி போட்டு கணக்குல ஏத்தியிருக்கும், நீங்க அதை கட்டாம விட்டிருந்தா அந்த வருஷம் கழிக்க ஒண்ணும் இல்ல. அதே மாதிரி குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு மத்திய அரசு திட்டத்துல மொரட்டோரியம் வட்டியை அரசே கட்டுது, அது நீங்க கட்டினது இல்ல, அதை கழிக்கக்கூடாது. அப்புறம் கட்டற பணம் வரிக்கு உட்பட்ட வருமானத்துல இருந்து வந்திருக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, விவசாய வருமானத்துல இருந்து கட்டிட்டு சம்பளத்துல கழிக்கறது சரி வராது.

மார்ச் மாசம் பத்தி ஒரு குட்டி விஷயம். முதல் இஎம்ஐ மார்ச் 5ஆம் தேதி போச்சுன்னா அந்த ஒரு மாச வட்டிக்காக ஒரு முழு வருஷம் எட்டுல இருந்து போயிடும். ஏப்ரல் 5ல ஆரம்பிச்சிருந்தா அது மிச்சம். இதுக்காக இஎம்ஐயை மிஸ் பண்ணி சிபில் ஸ்கோரை கெடுத்துக்காதீங்க, ஆனா படிக்கும்போதே தானா வட்டி கட்டலாம்னு முடிவு பண்றவங்க பிப்ரவரி மார்ச்ல ஆரம்பிக்கறதுக்கு பதிலா சேர்த்து வச்சு ஏப்ரல் முதல் வாரத்துல கட்டலாம். ஒரு மாச வட்டிக்காக ஒரு வருஷம் போகாது.

அப்பா கட்டறதா பொண்ணு கட்டறதாங்கறது அடுத்த கேள்வி. எஜுகேஷன் லோன்ல பொதுவா ஸ்டூடண்ட் பேரும் இருக்கும், அப்பாவோ அம்மாவோ கோ-பாரோவரா இருப்பாங்க. கடன்ல பேர் இருக்கணும், தன் வருமானத்துல இருந்து கட்டியிருக்கணும், இந்த ரெண்டும் இருக்கறவங்க அவங்க கட்டின வட்டியை கழிக்கலாம். பொண்ணு சம்பளத்துல இருந்து அப்பா அக்கவுண்டுக்கு அனுப்பி, அப்பா அக்கவுண்டுல இருந்து இஎம்ஐ போய், ரிட்டர்ன்ல மட்டும் பொண்ணு கழிக்கறதுன்னு சுத்தி வளைக்காதீங்க, யார் கழிக்கறாங்களோ அவங்க அக்கவுண்டுலயே இஎம்ஐயை போட்டுடுங்க. ஒரே வட்டியை ரெண்டு பேரும் கழிக்கறது தப்பு, இதை சொல்ல வேண்டியதில்லன்னு நினைச்சேன், ஆனா ஒரு வீட்ல நிஜமா பண்ணி வச்சிருந்தாங்க.

சட்டத்துல எட்டு வருஷத்தை எண்றதுக்கு "வரி செலுத்தறவர் வட்டி கட்ட ஆரம்பிச்ச வருஷம்"னுதான் வார்த்தை இருக்கு. அந்த வார்த்தையை அப்படியே படிச்சா, படிக்கும்போது அப்பா அஞ்சு வருஷம் கட்டி கழிச்சுட்டு, வேலை கிடைச்சதும் பொண்ணு தன் அக்கவுண்டுல இருந்து கட்ட ஆரம்பிச்சா, பொண்ணோட எண்ணிக்கை அவ முதல் வட்டி கட்டின வருஷத்துல இருந்து. மேல சொன்ன குடும்பத்துல இப்படி பண்ணியிருந்தா ரெண்டாவது வழியில வெளிய நின்ன அந்த ரெண்டரை லட்சத்துல பெரும்பகுதி உள்ள வந்துடும். கேள்வி வந்தா காட்டற மாதிரி யார் எப்பலேருந்து கட்டினாங்கன்னு பேங்க் ஸ்டேட்மெண்ட் தனித்தனியா சுத்தமா இருக்கணும், அது முக்கியம்.

இவ்வளவும் சொல்லிட்டு இப்ப கசப்பான விஷயத்துக்கு வரேன். இந்தக் கழிவு ஓல்டு ரெஜிம்ல மட்டும்தான். 2023-24ல இருந்து நியூ ரெஜிம்தான் தானா வர்றது, ஓல்டு வேணும்னா நாமதான் கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டு தேர்ந்தெடுக்கணும், சம்பளக்காரங்க வருஷா வருஷம் மாத்திக்கலாம். நியூ ரெஜிம்ல 80E கிடையவே கிடையாது. 2025-26 நிதியாண்டு கணக்குப்படி சம்பளம் 12,75,000 வரைக்கும் நியூ ரெஜிம்ல வரியே வராது, அப்ப முதல் வேலையில வருஷத்துக்கு 6 லட்சம், 9 லட்சம் வாங்கற பசங்களுக்கு 80E-யால ஒரு பிரயோஜனமும் இல்ல, கழிச்சு கொறைக்கறதுக்கு வரின்னு ஒண்ணு இருந்தாத்தானே.

யாருக்கு உதவும்னா, சம்பளம் கொஞ்சம் பெருசு, கடனும் பெருசு, வாடகை வீடு, இந்த மாதிரி ஆளுக்கு. 16 லட்சம் சம்பளம்னு வச்சுப்போம், ரெண்டு ரெஜிம்லயும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனைக் கழிச்சு, செஸ்ஸை சேர்த்துதான் கணக்கு, நியூ ரெஜிம்ல வரி 1,13,100. இதே ஆள் ஓல்டு ரெஜிம்ல 80C ஒன்றரை லட்சம், ஹெச்ஆர்ஏ கழிவு 3 லட்சம், எஜுகேஷன் லோன் வட்டி ஒரு லட்சம் சொச்சம் (நம்ம பி.இ. கடன் மாதிரி) கழிச்சா வரி சுமார் 1,16,000 வரும், அப்பவும் நியூ ரெஜிம்தான் ஒரு மயிரிழையில ஜெயிக்குது. ஆனா வெளிநாட்ல எம்.எஸ். படிக்க 30 லட்சம் வாங்கி வருஷத்துக்கு 3 லட்சம் வட்டி கட்டற ஆளா இருந்தா ஓல்டு ரெஜிம் வரி 75,400 தான், கிட்டத்தட்ட 38,000 லாபம். உச்சவரம்பு இல்லைங்கறதோட அருமை இங்கதான் தெரியுது. வட்டி வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வரும், அதனால மூணாவது நாலாவது வருஷத்துல நியூ ரெஜிம் மறுபடி லாபமா மாறிடலாம், ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடாம ஒவ்வொரு ஜூலையும் ரெண்டையும் போட்டுப் பாருங்க. இன்கம் டாக்ஸ் போர்ட்டல்லயே ரெண்டுக்கும் கணக்கு காட்டும்.

ரிட்டர்ன் போடும்போது முன்ன மாதிரி ஒரு கட்டத்துல தொகையை மட்டும் அடிச்சுட்டு போயிட முடியாது. 2025-26 அசெஸ்மென்ட் இயர்ல இருந்து, அதாவது 2024-25 நிதியாண்டு வருமானத்துக்குப் போட்ட ரிட்டர்ன்ல இருந்து, ஃபார்ம்ல `Schedule 80E`-ன்னு தனி பகுதி வந்திருக்கு, அதுல கடன் குடுத்த பேங்க் பேர், லோன் அக்கவுண்ட் நம்பர், சாங்ஷன் ஆன தேதி, மொத்த கடன், மார்ச் 31 அன்னைக்கு பாக்கி எவ்வளவு, அந்த வருஷம் கட்டின வட்டி எவ்வளவுன்னு எல்லாம் கேக்குது. போன வருஷம் எங்க சித்தப்பா பையனுக்கு ராத்திரி பத்து மணிக்கு ரிட்டர்ன் போட உக்காந்தோம், சாங்ஷன் தேதி தெரியாம அவன் அம்மா பீரோவுல இருந்து பழைய சாங்ஷன் லெட்டரை தேடி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு. ஏப்ரல்லயே பேங்க்ல இருந்து வட்டி சர்டிஃபிகேட் வாங்கி சாங்ஷன் லெட்டரோட ஒரே கவர்ல போட்டு வச்சுக்கோங்க. இதை ஃபார்மோட சேர்த்து அனுப்ப வேண்டாம், கேட்டா காட்ட கையில இருந்தா போதும். சம்பளத்துல ஏற்கனவே கழியணும்னா ஆபீஸ்ல ப்ரூஃப் கேக்கற சமயத்துல அங்கயும் ஒரு காப்பி குடுக்கணும்.

2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம் வருது, அதுல இந்த 80E-க்கு நம்பர் 129-னு மாறுது, அசெஸ்மென்ட் இயர்ங்கற வார்த்தையும் போய் டாக்ஸ் இயர்னு ஆயிடுது. நம்பர் மாறிடுச்சேன்னு எட்டு வருஷத்தை மறுபடி ஒண்ணுல இருந்து எண்ண ஆரம்பிச்சுடாதீங்க, 2021-22ல முதல் வட்டி கட்டினவங்களுக்கு கடைசி வருஷம் அதே 2028-29 தான்.